நாற்பத்து நாலாயிரம் கூடுதலாக விற்றும் ஆறாயிரம் குறைந்த கதை: மார்த்தாண்டம் பக்கத்துப் பலகாரக் கூடம் ஒன்றின் கணக்கு

ஜனவரி முதல் வாரத்தில் அந்த அக்கா தன் கணக்கு நோட்டோடு வந்தார். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் பலகாரம் போடும் கூடம் வைத்திருக்கிறார். நேந்திரங்காயில் போடும் ஏத்தங்காய் சிப்ஸ், மரவள்ளிக் கிழங்கில் போடும் மரச்சீனி சிப்ஸ், முந்திரிக்கொத்து என்று மூன்றே சரக்கு. எதையும் நேரடியாக வீடுகளுக்கு விற்பதில்லை, கடைகளுக்குத்தான் போடுகிறார்.

"சார், அக்டோபர்ல மூணு லட்சத்து இருபதாயிரத்துக்கு வித்தேன். டிசம்பர்ல மூணு லட்சத்து அறுபத்து நாலாயிரம். ஆனா கையில நின்னது குறைவாக்கும். எண்ணெய்க்காரனுக்குப் போன காசுதான் கூடியிருக்கு. எண்ணெய் விலையாத்தான் இருக்கும்" என்றார்.

எண்ணெய் பில்களை எடுத்துப் பார்த்தேன். அக்டோபரிலும் டிசம்பரிலும் கிலோ விலை ஒன்றுதான். வாங்கிய அளவுதான் கூடியிருந்தது. ஏத்தங்காய், கேஸ், பாக்கெட் கவர் எல்லாவற்றிலும் இதே நிலை. வாடகை மாறவில்லை, சம்பளமும் மாறவில்லை. விற்கும் விலையிலும் ஒரு ரூபாய் கூடவோ குறையவோ இல்லை. அப்படியானால் மாறியது ஒன்றே ஒன்றுதான்: எந்தச் சரக்கு எவ்வளவு விற்றது என்பது. விற்பனைக் கலவை என்று சொல்வது இதைத்தான்.

முதலில் கிலோக் கணக்கைப் போட்டோம். ஏத்தங்காய் சிப்ஸை ஒரு கிலோ 400 ரூபாய்க்குக் கொடுக்கிறார். ஒரு கிலோ சிப்ஸுக்கு அவர் கணக்கில் மூன்றரைக் கிலோ காய் வேண்டும். காய்க்கு 158, தேங்காய் எண்ணெய்க்கு 110, கேஸ், உப்பு, மஞ்சள், கவர், வண்டிக்கூலி எல்லாம் சேர்த்து 52. மொத்தம் 320 ரூபாய். இது மாறும் செலவு. ஒரு கிலோ போட்டால் வரும், போடாவிட்டால் வராது. 400-இல் 320 போனால் மிச்சம் 80. இந்த 80 ரூபாய்தான் பங்களிப்பு. இதை லாபம் என்று நினைத்துவிடக் கூடாது. வாடகையையும் சம்பளத்தையும் அடைப்பதற்கு அந்தக் கிலோ கொண்டுவந்து கொடுக்கும் பணம் இது. அவை அடைந்த பிறகு வருவதுதான் லாபம்.

மற்ற இரண்டுக்கும் இதே மாதிரி போட்டதில் கிடைத்தது இது:

| சரக்கு (ஒரு கிலோ) | விலை | மாறும் செலவு | பங்களிப்பு | விலையில் எத்தனை சதவீதம் |
|---|---|---|---|---|
| ஏத்தங்காய் சிப்ஸ் | 400 | 320 | 80 | 20 |
| மரச்சீனி சிப்ஸ் | 200 | 140 | 60 | 30 |
| முந்திரிக்கொத்து | 400 | 220 | 180 | 45 |

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. முந்திரிக்கொத்தில் முந்திரிப்பருப்பு கிடையாது. வறுத்த சிறுபயறும் வெல்லப் பாகும் தேங்காயும் எள்ளும் சேர்த்து உருண்டை பிடித்து, அரிசி மாவில் முக்கிப் பொரிப்பது. முந்திரி என்றால் திராட்சையும்தான், திராட்சைக் குலை போல ஒட்டிக்கொண்டு வருவதால் அந்தப் பெயர். பொருள் விலை குறைவு, கைவேலை அதிகம். பின்னால் வரப்போகும் சிக்கலுக்கு வேர் இந்தக் கைவேலைதான்.

அப்புறம் எவ்வளவு போட்டாலும் மாறாத மாதச் செலவு, அதாவது நிலையான செலவு. நாலு பேர் சம்பளம் 48,000, வாடகை 11,000, கரண்ட் 3,600, வண்டி பராமரிப்பும் போனும் 4,000, கடன் வட்டி 4,000, இயந்திரத் தேய்மானம் 3,000. மொத்தம் 73,600 ரூபாய். கடன் அசலையும் செலவில் எழுதியிருந்தார், அதை எடுத்துவிட்டேன். அசல் கட்டுவது கையிருப்பைக் குறைக்கும், ஆனால் அது செலவு ஆகாது. கரண்ட் பில்லில் ஒரு பகுதி வேலைக்கு ஏற்ப ஏறி இறங்கும் என்பதும் உண்மை. இந்தக் கூடத்தில் பொரிப்பது கேஸில் என்பதால் அந்தப் பகுதி சிறியது. நிலையான செலவிலேயே விட்டுவிட்டேன்.

ஒரே சரக்கு என்றால் கணக்கு ஒரு வரியில் முடியும். ஏத்தங்காய் சிப்ஸ் மட்டும் போட்டால் 73,600-ஐ 80-ஆல் வகுத்து, 920 கிலோ விற்றால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்று சொல்லிவிடலாம். மூன்று சரக்கு இருக்கும்போது எதை வைத்து வகுப்பது? அக்காவின் மருமகன் போனில் ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். 20, 30, 45 மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து, சராசரி 31.67 சதவீதம் என்று எடுத்து, மாதம் 2,32,400 ரூபாய்க்கு விற்றால் போதும் என்று எழுதியிருந்தார். பல கடைகளில் இந்தத் தவறைப் பார்த்திருக்கிறேன். மூன்று சரக்கும் சம ரூபாய்க்கு விற்றால் மட்டுமே அந்தச் சராசரி சரி. இங்கே விற்பனையில் பாதி, சதவீதம் மிகக் குறைந்த ஏத்தங்காய். அதற்குரிய எடையைக் கொடுக்காமல் எடுத்த சராசரி உண்மையைவிட இனிப்பாகத்தான் வரும்.

சரியான வழி, சரக்குகளை அவை விற்கும் விகிதத்தில் ஒரு கட்டாகக் கட்டிக்கொள்வது. அக்டோபரில் விற்றது ஏத்தங்காய் 400 கிலோ, மரச்சீனி 400 கிலோ, முந்திரிக்கொத்து 200 கிலோ. அதாவது 2:2:1. இரண்டு கிலோ, இரண்டு கிலோ, ஒரு கிலோ என்று ஐந்து கிலோ பை ஒன்று இருப்பதாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பையின் பங்களிப்பு 160, 120, 180 சேர்ந்து 460 ரூபாய். 73,600-ஐ 460-ஆல் வகுத்தால் 160 பை. ஆகவே ஏத்தங்காய் 320, மரச்சீனி 320, முந்திரிக்கொத்து 160, மொத்தம் 800 கிலோவில் லாப நட்டமில்லாப் புள்ளி. ரூபாயில் 2,56,000. மருமகனின் கணக்கைவிட ஏறக்குறைய 24,000 ரூபாய் அதிகம்.

அக்டோபரில் உண்மையில் விற்றது 3,20,000. புள்ளியைத் தாண்டி 64,000 ரூபாய் தூரம் போயிருக்கிறார். மொத்தப் பங்களிப்பு 92,000, அதில் 73,600 போக லாபம் 18,400.

இப்போது டிசம்பர். ஐயப்ப பக்தர்கள் சபரிமலைக்குப் போய்த் திரும்பும் வழியில் கன்னியாகுமரிக்கு வரும் காலம் இது. கடற்கரைப் பக்கத்துக் கடைகளில் சிப்ஸ் பாக்கெட் நிற்காமல் போகும். அங்கே இரண்டு கடைகள் ஏத்தங்காய் சிப்ஸ் மட்டும் கூடுதலாக 300 கிலோ கேட்டன. அக்கா சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். மாத முடிவில் ஏத்தங்காய் 700 கிலோ, மரச்சீனி 260 கிலோ, முந்திரிக்கொத்து 80 கிலோ.

விற்பனை 3,64,000. பங்களிப்பு 56,000, 15,600, 14,400 சேர்ந்து 86,000. நிலையான செலவு போக லாபம் 12,400. விற்பனை 44,000 கூடி, லாபம் 6,000 குறைந்தது.

"முந்நூறு கிலோ கூடுதலா வித்தேன் சார், அது எங்க போச்சு?" என்று கேட்டார்.

அந்த 300 கிலோ எங்கும் போகவில்லை. அது 24,000 ரூபாய் கொண்டுவந்தது. ஆனால் அதே மாதத்தில் மரச்சீனியில் 140 கிலோவும் முந்திரிக்கொத்தில் 120 கிலோவும் போய்விட்டன. மரச்சீனியில் இழந்தது 8,400, முந்திரிக்கொத்தில் இழந்தது 21,600. மொத்தம் 30,000. வந்தது 24,000, போனது 30,000. ஆறாயிரத்தின் கதை இவ்வளவுதான். 120 கிலோ முந்திரிக்கொத்து கொடுக்கும் பணத்துக்கு ஏத்தங்காய் சிப்ஸ் 270 கிலோ போட வேண்டும்.

லாப நட்டமில்லாப் புள்ளியும் இதோடு நகர்ந்தது. ஒவ்வொரு நூறு ரூபாய் விற்பனைக்கும் அக்டோபரில் 28.75 ரூபாய் பங்களிப்பு இருந்தது. டிசம்பரில் அது 23.63 ரூபாய். நிலையான செலவு ஒரு பைசா கூடவில்லை, ஆனாலும் புள்ளி 2,56,000-இலிருந்து சுமார் 3,11,500-க்கு ஏறியது. விற்பனை 44,000 முன்னால் போக, புள்ளி 55,500 முன்னால் போயிருக்கிறது. விற்பனைக்கும் புள்ளிக்கும் நடுவில் இருந்த 64,000 ரூபாய் இடைவெளி 52,500 ஆகச் சுருங்கியது.

முந்திரிக்கொத்து ஏன் குறைந்தது? கேட்க ஆள் இல்லாமலா? நான் இதை அழுத்திக் கேட்டேன், ஏனென்றால் கலவை மாறியதற்கான காரணம் தெரியாமல் எந்த முடிவும் எடுக்க முடியாது. வாங்குபவர்களின் விருப்பம் மாறியிருந்தால் மருந்து வேறு. இங்கே அப்படி இல்லை. கிறிஸ்துமஸ் மாதத்தில் நம் மாவட்டத்தில் முந்திரிக்கொத்து தேடாத வீடு குறைவு. கேட்ட கடைகளை அக்காவே திருப்பி அனுப்பியிருக்கிறார். உருண்டை பிடிக்கும் இரண்டு பெண்களையும் ஏத்தங்காய்த் தொலி உரிக்க உட்கார வைத்துவிட்டார்.

ஆகவே மணிக்கணக்குப் பார்த்தோம். நாலு பேர், நாளுக்கு ஆறு மணி நேரக் கைவேலை, 25 நாள்: மாதம் 600 மணி. ஒரு கிலோவுக்கு ஏத்தங்காய் 36 நிமிடம், மரச்சீனி 24 நிமிடம், முந்திரிக்கொத்து முழுசாக ஒரு மணி. இரண்டு நாள் கடிகாரம் வைத்துப் பார்த்து எழுதிய அளவு இது. அக்டோபரில் சரியாக 600 மணி ஓடியிருக்கிறது, டிசம்பரில் 604. கைகள் ஏற்கெனவே நிறைந்திருந்தன. அதனால் வந்த 300 கிலோ வேறொன்றைத் தள்ளிவிட்டுத்தான் உள்ளே வர முடிந்தது. ஒரு மணி நேரக் கைவேலைக்கு முந்திரிக்கொத்து 180 ரூபாய் கொடுக்கிறது, மரச்சீனி 150, ஏத்தங்காய் 133. மணிக்கு மிகக் குறைவாகக் கொடுப்பதற்கு, மிக அதிகம் கொடுப்பதன் நேரத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறோம்.

இங்கே ஒரு இடத்தில் நிற்க வேண்டும். பல கணக்காளர்களும் இதில் தடுமாறுகிறார்கள். புள்ளியைக் கிலோவில் பார்ப்பதும் ரூபாயில் பார்ப்பதும் ஒன்றையே சொல்லும் என்று நினைப்போம். எப்போதும் அப்படி இல்லை. முந்திரிக்கொத்தைத் தொடாமல், மரச்சீனியில் 100 கிலோ குறைத்து ஏத்தங்காயில் 100 கிலோ கூட்டினால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். ஏத்தங்காய் 500, மரச்சீனி 300, முந்திரிக்கொத்து 200. பங்களிப்பு 94,000. கிலோவுக்குச் சராசரி 94 ரூபாய், முன்பு 92. அதனால் கிலோவில் புள்ளி 800-இலிருந்து 783-க்கு இறங்குகிறது. ஆனால் விற்பனை 3,40,000 என்பதால் சதவீதம் 27.65 ஆகக் குறைகிறது. ரூபாயில் புள்ளி 2,66,200-க்கு ஏறுகிறது. அதே மாற்றத்துக்கு ஒரு அளவுகோல் நல்லது என்கிறது, இன்னொன்று கெட்டது என்கிறது.

காரணம் எளிது. ஏத்தங்காய் ஒரு கிலோவுக்குக் கொடுப்பது மரச்சீனியைவிட 20 ரூபாய் அதிகம், ஒரு ரூபாய் விற்பனைக்குக் கொடுப்பதோ குறைவு. விலை இரு மடங்கு என்பதால் வரும் குழப்பம். எதை நம்புவது என்றால், இரண்டையும் தள்ளிவைத்துவிட்டு மொத்தப் பங்களிப்பைப் பார்ப்பேன். இங்கே அது 2,000 கூடியிருக்கிறது. ஆனால் கைவேலையும் 600-இலிருந்து 620 மணியாகிறது. அந்த 20 மணி எங்கிருந்து வரும் என்ற கேள்விக்குப் பதில் இருந்தால்தான் அந்த 2,000 நிஜம்.

சரி, அக்காவுக்கு என்ன வழி? கடற்கரை ஆர்டரை விட்டுவிடுங்கள் என்று சொல்வது சுலபம். அவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை, அவர் சொன்ன காரணம் சரியானது. கடைக்காரர்கள் இவரிடம் சரக்கு எடுப்பதே ஏத்தங்காய் சிப்ஸுக்காகத்தான். அது வந்தால்தான் மற்ற இரண்டும் அதே வண்டியில் ஏறும். என் அட்டவணையில் மூன்றும் தனித்தனி வரிகள், கடைக்காரர் மனதில் அவை ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. முந்திரிக்கொத்தை இஷ்டத்துக்குக் கூட்டவும் முடியாது. பண்டிகை இல்லாத மாதத்தில் 200 கிலோவுக்கு மேல் போனால் கடையில் தங்கும்.

ஆகவே கைகளைக் கூட்டுவது என்று முடிவு செய்தோம். தொலி உரிக்கவும் நறுக்கவும் மட்டும் ஒருவர், அரை நாள், ஐந்து மணி நேரம், 360 ரூபாய். 25 நாள் வந்தால் 9,000 ரூபாய், 125 மணி. டிசம்பர் அளவுக்கு ஏத்தங்காயும் மரச்சீனியும் வைத்துக்கொண்டு முந்திரிக்கொத்தைத் திரும்ப 200 கிலோவுக்குக் கொண்டுவர 724 மணி வேண்டும். 600-உம் 125-உம் சேர்ந்தால் அது நடக்கும்.

அந்தக் கணக்கில் விற்பனை 4,12,000, பங்களிப்பு 1,07,600, மாதச் செலவு 82,600, லாபம் 25,000. புள்ளியோ சுமார் 3,16,300. அக்கா இந்த எண்ணைப் பார்த்ததும் முகம் மாறினார். "அது இன்னும் மேலதானே போகு சார்?" என்றார். ஆமாம், மூன்று கணக்கிலும் இதுதான் உயரமான புள்ளி. லாபமும் இதில்தான் அதிகம். புள்ளிக்கும் விற்பனைக்கும் நடுவில் 95,700 ரூபாய் இடைவெளி இருக்கிறது. புள்ளி ஏறியதா இறங்கியதா என்பதை மட்டும் பார்த்தால் இந்த நல்ல வழியை நாங்கள் தள்ளியிருப்போம். டிசம்பரில் புள்ளி ஏறியது இடைவெளியைத் தின்றுகொண்டு. இங்கே ஏறுவது இடைவெளியையும் கூட்டிக்கொண்டு.

ஆனால் ஒரு ஆபத்து உண்டு. சீசன் முடிந்து ஆர்டர் நின்றுபோய், அக்டோபர் அளவுக்கே விற்பனை திரும்பினால், 9,000 ரூபாய்ச் சம்பளம் மட்டும் தங்கிவிடும். லாபம் 18,400-இலிருந்து 9,400 ஆகிவிடும். அதனால் மாதச் சம்பளம் பேசாமல், வேலை இருக்கும் நாளுக்கு மட்டும் கூலி என்று பேசினார். வருபவருக்கு இது நிச்சயமில்லாத வருமானம் என்பது எனக்கு உறுத்தியது. அக்கா பக்கத்து வீட்டுப் பெண் ஒருவரையே கேட்டார். அவர் ஏற்கெனவே மதியத்துக்கு மேல் முந்திரி ஆலைக்குப் போகிறவர் என்பதால் ஒத்துக்கொண்டார்.

ஜனவரி முடிந்து கணக்கு வந்தது. எழுதி வைத்தபடியே நடக்கவில்லை, நடக்காது என்று தெரிந்ததுதான். மகரவிளக்கு முடிந்ததும் கடற்கரைக் கடைகள் எடுப்பதைக் குறைத்துவிட்டன. ஏத்தங்காய் 640, மரச்சீனி 270, முந்திரிக்கொத்து 190. பங்களிப்பு 1,01,600. அந்தப் பெண் வந்தது 22 நாள், கூலி 7,920. லாபம் 20,080. பிப்ரவரியில் அவர் எட்டு நாள்தான் வந்தார்.

இந்தக் கணக்கு எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்பதையும் சொல்ல வேண்டும். கிலோ விலையும் கிலோச் செலவும் அசையாமல் இருந்ததால்தான் எல்லா மாற்றத்தையும் கலவையின் மேல் வைக்க முடிந்தது. நம் ஊரில் அதற்கு ஆயுள் குறைவு. 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்த மாவட்டம் இது. ஓணம் இங்கேயும் வீட்டுப் பண்டிகைதான், கேரளத்துக்கும் இங்கிருந்து சரக்குப் போகும். ஓணத்துக்கு முன்னால் ஏத்தங்குலை விலை ஏறும். காய் கிலோவுக்குப் பத்து ரூபாய் ஏறினால், மூன்றரைக் கிலோவுக்கு 35 ரூபாய். சிப்ஸின் பங்களிப்பு 80-இலிருந்து 45-க்கு விழும். விற்பனை கூடுவதும் அந்தச் சிப்ஸில்தான். கலவை ஒரு பக்கம் இழுக்க, விலை இன்னொரு பக்கம் இழுக்கும். இரண்டையும் ஒரே எண்ணில் பார்த்தால் எது எவ்வளவு தின்றது என்று தெரியாது. முதலில் பழைய கிலோச் செலவிலேயே புதிய கலவையைப் போட்டு அதன் பாதிப்பை எழுதுங்கள். பிறகு அதே கலவையில் புதிய செலவைப் போடுங்கள்.

700 கிலோ ஏத்தங்காய் போடும் அந்த 25,000 ரூபாய்த் திட்டத்தில் இதைப் போட்டுப் பார்த்தேன். 35 ரூபாய் வீதம் 700 கிலோவுக்கு 24,500. லாபம் 500 ரூபாயில் வந்து நிற்கும். அக்டோபர்க் கலவையில் இதே அடி 14,000-தான், 4,400 ரூபாயாவது மிஞ்சும். ஏத்தங்காயில் அதிகம் சாய்ந்த கலவையில் குலை விலையின் அடி அவ்வளவு பலமாக விழும்.

இதை அக்காவிடம் காட்டியபோது வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஆவணி மாதத்துக்கு என்று ஒரு வரி எழுதினார்: காய் கிலோ 45-ஐத் தாண்டினால், ஏறும் ஒவ்வொரு ரூபாய்க்கும் சிப்ஸில் மூன்றரை ரூபாய் கூட்டித்தான் கடைக்குக் கொடுப்பது. கன்னியாகுமரிக் கடைக்காரர்களிடம் பேசியாகிவிட்டது. ஒருவர் ஒத்துக்கொண்டார். இன்னொருவர் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார்.